பன்னிரண்டு வாரம், ஆறு விசிட், ஒரு படிவம்

ஒரு மருத்துவர் தன் நோட்டில் இப்படி எழுதிவைத்திருக்கிறார்: “வயது 30 முதல் 65. உட்கார்ந்த நிலையில் சிஸ்டாலிக் 140 முதல் 179 வரை. ஒரு குழுவுக்கு டெல்மிசார்டன் 40 மி.கி., இன்னொரு குழுவுக்கு ஆம்லோடிபின் 5 மி.கி., தினம் காலை ஒரு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 12 வாரம். 2, 4, 8, 12ஆம் வாரங்களில் பி.பி. தொடக்கத்திலும் 4, 12ஆம் வாரங்களிலும் கிரியாட்டினின், பொட்டாசியம். பக்க விளைவு எல்லா விசிட்டிலும். கர்ப்பிணிகள் கூடாது. முக்கியக் கேள்வி: 12ஆம் வாரத்தில் சிஸ்டாலிக் எவ்வளவு இறங்கியது?”

இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஆய்வு. ஆனால் புரோட்டோகால் என்று சொல்லப்படும் ஆய்வுத் திட்டம் பெரும்பாலும் இப்படிப் பத்து வரியில்தான் பிறக்கிறது. இந்தப் பத்து வரியிலிருந்து, ஆய்வில் சேரும் ஒவ்வொருவரைப் பற்றியும் எந்த நாளில் எதைக் கேட்டு எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பதுதான் சி.ஆர்.எஃப். என்ற பதிவுப் படிவம். ஆய்வின் முடிவில் புள்ளியியலாளர் கைக்குப் போவது நோயாளி அல்ல, அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலும் அல்ல. இந்தப் படிவத்தில் இருப்பது மட்டுமே போகும். அன்றைக்குக் கேட்காமல் விட்டதைப் பிறகு கேட்டுப் பெற முடியாது.

அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரைச் சேர்த்து, சிஸ்டாலிக்கை 120க்குக் கீழே இறக்குவது நல்லதா, 140க்குக் கீழே இருந்தால் போதுமா என்று பார்த்த பெரிய ஆய்வு அது. 2015இல் முடிவு வெளிவந்ததும் உலகெங்கும் பி.பி. சிகிச்சை பற்றிய பேச்சே மாறியது. தானியங்கிக் கருவி, ஐந்து நிமிட ஓய்வு, மூன்று அளவுகளின் சராசரி என்று அளக்கும் முறையும் ஒழுங்காகத்தான் வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் முடிவு வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: அளக்கும்போது நோயாளி அறையில் தனியாக இருந்தாரா, பக்கத்தில் யாராவது நின்றார்களா? வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் நின்றாலே பலருக்கு அழுத்தம் ஏறிவிடும். ஆகவே அந்த 120 எந்த 120 என்று தெரிந்தாக வேண்டும். ஆய்வு மையங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் கேட்டுத்தான் பதில் தேடினார்கள். சில மையங்களில் நோயாளி தனியாக இருந்திருக்கிறார். சிலவற்றில் ஊழியர் கூடவே இருந்திருக்கிறார். சிலவற்றில் ஓய்வின்போதோ அளக்கும்போதோ மட்டும் தனியாக இருந்திருக்கிறார். “அளக்கும்போது அறையில் வேறு யாரேனும் இருந்தார்களா? ஆம் / இல்லை” என்ற ஒரே ஒரு கட்டம் ஒவ்வொரு விசிட்டிலும் இருந்திருந்தால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விடை கையில் இருந்திருக்கும்.

ஆகவே படிவம் போடுகிறவர் தொடங்க வேண்டிய இடம் முதல் பக்கம் அல்ல, ஆய்வு முடிந்து எழுதப்போகும் கடைசி அட்டவணை. நம் ஆய்வில் அந்த அட்டவணையில் ஒரே ஒரு எண் முக்கியம்: 12ஆம் வார சிஸ்டாலிக்கிலிருந்து தொடக்க சிஸ்டாலிக்கைக் கழித்தால் வருவது. அந்த எண்ணுக்குப் போய்ச் சேராத, நோயாளியின் பாதுகாப்புக்கும் தேவைப்படாத எந்தக் கேள்வியும் படிவத்தில் இருக்கக் கூடாது. “கேட்டுவைத்தால் பின்னால் உதவும்” என்று சேர்க்கும் ஒரு கட்டம், 300 பேர் ஆய்வில் ஆறு விசிட்டுக்கு 1,800 முறை நிரப்பப்பட வேண்டும், 1,800 முறை சரிபார்க்கப்பட வேண்டும். அந்த நேரம் முக்கியமான கட்டங்களிலிருந்துதான் பிடுங்கப்படுகிறது.

அடுத்தது விசிட் அட்டவணை. இடது ஓரத்தில் செய்ய வேண்டிய வேலைகள், மேலே விசிட்டுகள், சந்திக்கும் இடத்தில் ஒரு குறி. 2013இல் வெளியான ஸ்பிரிட் என்ற சர்வதேச வழிகாட்டுதலும் ஒவ்வொரு புரோட்டோகாலிலும் இப்படி ஒரு கட்ட அட்டவணை இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவரின் நோட்டில் உள்ளதை அப்படியே போட்டால் இப்படி வரும்:

| வேலை | ஸ்க்ரீனிங் | நாள் 1 | வாரம் 2 | வாரம் 4 | வாரம் 8 | வாரம் 12 |
|---|---|---|---|---|---|---|
| ஒப்புதல், தகுதி | ✓ | | | | | |
| பி.பி. | ✓ | ? | ✓ | ✓ | ✓ | ✓ |
| கிரியாட்டினின், பொட்டாசியம் | ✓ | ? | | ✓ | | ✓ |
| கர்ப்பப் பரிசோதனை | ✓ | | | ? | ? | ? |
| மாத்திரை கொடுத்தல் | | ✓ | | ✓ | ✓ | |
| மீந்த மாத்திரை எண்ணுதல் | | | ✓ | ✓ | ✓ | ✓ |
| பக்க விளைவு | | ? | ✓ | ✓ | ✓ | ✓ |

கேள்விக்குறிகள்தான் இந்த அட்டவணையின் பயன். வாக்கியமாகப் படிக்கும்போது நிறைவாகத் தெரிந்த திட்டம், கட்டம் போட்டதும் எங்கே ஓட்டை என்று காட்டிவிடுகிறது. “தொடக்கத்தில்” என்று மருத்துவர் எழுதினாரே, அது ஸ்க்ரீனிங் நாளா, மாத்திரை தொடங்கும் முதல் நாளா? இரண்டுக்கும் நடுவில் 14 நாள்வரை இருக்கலாம்.

பி.பி. விஷயத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. வழக்கமாக 136 இருக்கும் ஒருவருக்கு அவசரமாகப் பஸ் பிடித்து வந்த அன்று 142 காட்டலாம். 140க்கு மேல் என்பதால் அவர் ஆய்வில் சேர்ந்துவிடுவார். இரண்டு வாரம் கழித்து அளந்தால், மருந்தே கொடுக்காவிட்டாலும் 136க்குப் பக்கத்தில் வந்து நிற்பார். வழக்கமாக 142 இருந்து அன்றைக்கு 136 காட்டியவர்தான் இதை ஈடுகட்டக்கூடியவர். அவரோ சேர்க்கப்படவே இல்லை. ஆகவே ஸ்க்ரீனிங் அளவைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டால் இரண்டு குழுவிலும் மருந்து செய்யாத வேலை மருந்தின் கணக்கில் ஏறும். சேர்ப்பதற்கு ஸ்க்ரீனிங் அளவு, ஒப்பிடுவதற்கு நாள் 1 அளவு என்று பிரித்துவிடுவது நல்லது. அப்படியானால் நாள் 1இல் பி.பி. கட்டாயம் வேண்டும், நோட்டில் அது இல்லை.

கர்ப்பப் பரிசோதனை வரிசையும் அப்படித்தான். “கர்ப்பிணிகள் கூடாது” என்று சேர்க்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. டெல்மிசார்டன் வகை மருந்துகள் வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. 12 வாரத்துக்குள் ஒருவர் கருத்தரிக்க முடியும். 4, 8, 12ஆம் வாரங்களில் அந்தப் பரிசோதனை வேண்டுமா என்பதைப் படிவம் போடுகிறவர் தீர்மானிக்கக் கூடாது. கேள்வியாக எழுதி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அவர் புரோட்டோகாலைத் திருத்தி, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டபின் அது படிவத்துக்கு வர வேண்டும். படிவத்தில் நைசாகச் சேர்த்துவிட்டுப் புரோட்டோகாலை மறந்தால், திட்டம் ஒன்று சொல்ல ஆஸ்பத்திரி வேறொன்று செய்துகொண்டிருக்கும்.

பிறகு நாள் கணக்கு. “4ஆம் வாரம்” என்றால் எந்த நாள்? முதல் மாத்திரை விழுங்கும் நாளை நாள் 1 என்று வைத்தால், 4 வாரம் முடிந்து வருவது நாள் 29, 12 வாரம் முடிந்து வருவது நாள் 85. யாரும் மிகச் சரியாக அந்த நாளில் வர மாட்டார்கள்; கல்யாணம் இருக்கும், அறுவடை இருக்கும், மகளுக்குப் பிரசவம் இருக்கும். அதனால் 2, 4ஆம் வாரங்களுக்கு முன்பின் 3 நாள், 8, 12ஆம் வாரங்களுக்கு முன்பின் 7 நாள் என்று சலுகை வைக்கிறோம். இந்தச் சலுகையை எங்கிருந்து எண்ணுவது என்று படிவம் ஐயமில்லாமல் சொல்ல வேண்டும். நாள் 1இலிருந்து எண்ணினால் கடைசி விசிட் நாள் 78க்கும் 92க்கும் நடுவில் அடங்கும். முந்தைய விசிட்டிலிருந்து எண்ணினால், ஒவ்வொரு முறையும் சலுகையின் கடைசி நாளில் வருகிறவருக்கு 3, 3, 7, 7 என்று 20 நாள் சேர்ந்து, கடைசி அளவு நாள் 105இல் எடுக்கப்படும். அது 12ஆம் வாரமே அல்ல, கிட்டத்தட்ட 15ஆம் வாரம். ஒவ்வொரு விசிட்டும் தனித்தனியாக விதிக்கு உட்பட்டே இருக்கும். ஆனால் ஆய்வின் முக்கிய எண் தப்பாக இருக்கும்.

இதே சலுகை மருந்துப் புட்டியையும் தொடுகிறது. விசிட்டுக்கு விசிட் நான்கு வாரம்தானே என்று 28 மாத்திரை போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் 8ஆம் வார விசிட்டுக்கு நாள் 50இலேயே வந்து, 12ஆம் வார விசிட்டுக்கு நாள் 92இல் வந்தால் இரண்டுமே அனுமதிக்குள்தான். நடுவில் 42 நாள். 28 மாத்திரை கொடுத்திருந்தால் கடைசி இரண்டு வாரம் அவர் மருந்தில்லாமல் இருந்து, பிறகு வந்து கை நீட்டுவார். அந்த அளவை மருந்தின் அளவு என்று எழுதிக்கொள்வோம். ஆகவே புட்டியில் 42க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பது மருந்து தயாரித்த பின் அல்ல, இந்த அட்டவணை போடும் நாளில்.

இனி ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம். பி.பி. பக்கம். அவசரத்தில் படிவம் போடுகிறவர் “பி.பி.: ______” என்று ஒரு கோடு இழுத்துவிடுவார். அந்தக் கோட்டில் 148/92 வரும், 148–92 வரும், “நார்மல்” வரும், “140/90க்குக் கொஞ்சம் மேல்” என்றும் வரும். எதையும் கூட்டிக் கழிக்க முடியாது. சிஸ்டாலிக்குக்கு மூன்று இலக்கக் கட்டம், டயஸ்டாலிக்குக்கு மூன்று இலக்கக் கட்டம், அலகு முன்பே அச்சிட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் மூன்று முறை அளக்கச் சொன்னால், மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். சராசரி எழுத இடமே கொடுக்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது அளவுகளின் சராசரிதான் வேண்டுமென்றால் அதைக் கணினி போட்டுக்கொள்ளும். கூட்ட நெரிசலில் நர்ஸ் மனக்கணக்காகப் போட்டால் பிழை வருவது மட்டுமல்ல, எந்த மூன்று எண்ணிலிருந்து அது வந்தது என்ற தடயமும் போய்விடும்.

மூன்று எண்களும் அப்படியே இருந்தால் இன்னொரு லாபம் உண்டு. அளந்து எழுதினார்களா, தோராயமாக எழுதினார்களா என்று கண்டுபிடிக்கலாம். டிஜிட்டல் கருவியில் அளந்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்காக, வர வேண்டும். இரண்டிரண்டாகக் கோடு போட்ட பழைய பாதரசக் கருவியானால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். ஒரு மையத்திலிருந்து வந்த அளவுகளில் பாதி 0இல் முடிந்தால், அங்கே கருவியைப் பார்க்காமல் உத்தேசமாக எழுதுகிறார்கள் என்று பொருள். சராசரியை மட்டும் வாங்கியிருந்தால் இந்தச் சோதனை சாத்தியமில்லை.

அதே பக்கத்தில் எந்தக் கை, பட்டையின் அளவு சாதாரணமா பெரியதா, அறையில் யாராவது இருந்தார்களா என்பவையும் வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு உயர்த்திக் காட்டும். முதல் விசிட்டில் எந்தக் கை என்று முடிவானதோ அதைப் பின்வரும் பக்கங்களில் கணினி தானே காட்டலாம், காட்டுவது நல்லதும்கூட. ஆனால் போன முறை வந்த பி.பி. எண்ணை மட்டும் இந்தப் பக்கத்தில் காட்டவே கூடாது. முன்பு 152 என்று கண்ணுக்கு முன்னால் இருந்தால், இப்போது வரும் 168ஐ நம்பாமல் இன்னொரு முறை அளக்கத் தோன்றும், 150 வந்தால் அப்படித் தோன்றாது. ஒரு பக்கம் மட்டும் சாயும் இப்படிப்பட்ட கவனம் தரவைக் கெடுக்கும்.

நான் மிகவும் வலியுறுத்தும் கட்டம் ஒன்று உண்டு: கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியும் நேரமும். தினம் காலை ஒரு மாத்திரை என்றால், அடுத்த மாத்திரைக்குச் சற்று முன், அதாவது 24 மணி நேரம் கழித்து, மருந்து இன்னும் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதனால் “விசிட் அன்று மாத்திரை சாப்பிடாமல் வாங்க, இங்கே அளந்த பிறகு சாப்பிடலாம்” என்று சொல்லி அனுப்புவோம். மறந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர் கண்டிப்பாக இருப்பார். அவருடைய அளவு அன்றைய மாத்திரை உள்ளே போன பின் எடுத்தது. அளந்த நேரமும் மாத்திரை நேரமும் படிவத்தில் இருந்தால் அதைத் தனியாக எடுத்துவைக்கலாம். இல்லாவிட்டால் அது மற்ற எண்களோடு எண்ணாகக் கலந்துவிடும்.

பக்கத்தில் கேள்விகளின் வரிசை, அறையில் வேலை நடக்கும் வரிசையில் இருக்க வேண்டும். மீந்த மாத்திரையை வாங்கி எண்ணுதல், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டல், ஓய்வு, பி.பி., அதற்குப் பிறகு ரத்தம் எடுத்தல், கடைசியில் புதுப் புட்டி. ஊசி குத்திய பின் பி.பி. பார்த்தால் ஏறியிருக்கும். படிவத்தில் ரத்தம் முதலில் இருந்தால் அதன்படியே கை போகும், நிரப்புகிறவர்மேல் குற்றமில்லை.

இப்போது காலிக் கட்டத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் ஒரு படிவம் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள, நிரப்பாத கட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும். பொட்டாசியம் கட்டம் காலி. ரத்தம் எடுக்கவில்லையா? எடுத்தார்கள், ரிப்போர்ட் வரவில்லையா? வந்தது, எழுத மறந்தார்களா? அந்த விசிட்டில் தேவையே இல்லையா? நான்குக்கும் ஒரே தோற்றம். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் தலைமேல் ஒரு கேள்வி வேண்டும்: “செய்யப்பட்டதா? ஆம் / இல்லை. இல்லையெனில் காரணம்.” உலகெங்கும் ஆய்வுப் படிவங்களுக்குப் பொதுப் பெயர்கள் வகுத்திருக்கும் சிடிஸ்க் அமைப்பின் தரத்தில் இந்தக் கட்டத்துக்கென்றே `VSPERF`, `LBPERF` என்று பெயர்கள் உண்டு. பக்க விளைவுக்கும் அதுபோல `AEYN`: ஏதாவது இருந்ததா, ஆமா இல்லையா. “இல்லை” என்று குறித்தால் கேட்டார், இல்லை என்றார்கள் என்று பொருள். அந்தக் கேள்வி இல்லாமல் வெற்றுப் பட்டியல் மட்டும் இருந்தால், கேட்டு ஒன்றுமில்லையா, கேட்கவே இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது.

விடுபட்டதைக் குறிக்க 99 என்று எழுதும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. டயஸ்டாலிக் கட்டத்தில் அது ஆபத்து, ஏனென்றால் 99 என்பது உண்மையான அழுத்தமாகவும் இருக்கலாம். மூன்று பேருக்கு 84, 88, 86. நான்காமவருக்கு அளக்கவில்லை, 99 என்று போட்டார்கள். மூவரின் சராசரி 86. நால்வர் என்று கணினி கூட்டினால் 89.25. அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. 999 என்று போட்டிருந்தால் சராசரி 314 வந்து, பார்த்ததும் பிழை என்று பிடித்திருப்பார்கள். ஆனால் எந்த எண்ணும் வேண்டாம் என்பதே என் கருத்து. எண் கட்டத்தில் எண் மட்டும், இல்லாமைக்குத் தனிக் கட்டம்.

எண் கட்டங்களுக்குக் காவலும் வேண்டும். மின்படிவமானால் இரண்டு வரி போதும்:

```
IF SYSBP <= DIABP THEN QUERY
IF SYSBP < 70 OR SYSBP > 250 THEN QUERY
```

இது எண்ணைத் தடுப்பதற்கு அல்ல, கேட்பதற்கு. 254 உண்மையாகவே இருந்தால் நர்ஸ் “சரிபார்த்தேன், சரிதான்” என்று எழுதிவிட்டுப் போக வழி இருக்க வேண்டும். வழியில்லாமல் அடைத்துவைத்தால் 250 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். காவல் வரம்பை மிகக் குறுக்கிவிட்டாலும் கெடுதல்தான். எல்லாவற்றுக்கும் கேள்வி எழும்போது, படிக்காமலே “சரி” என்று தட்டும் பழக்கம் வந்துவிடும். கிரியாட்டினினுக்கு அலகுதான் காவல். நம் ஊர் லேபில் 1.1 மி.கி./டெ.லி. என்று வருவது, வெளிநாட்டு லேபில் சுமார் 97 மைக்ரோமோல்/லிட்டர் என்று வரும். அலகுக் கட்டம் இல்லாவிட்டால் ஒரே மனிதர் ஒரு மாதத்தில் சிறுநீரகம் இழந்தவராகிவிடுவார்.

தேதிகளிலும் இதே கவனம் வேண்டும். 03/04/2024 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் கேட்டுவிட்டால் சண்டை தீர்ந்தது. அதைவிட நுட்பமானது, தேதி பாதிதான் தெரியும் என்ற நிலை. “சர்க்கரை எப்போதிருந்து?” என்றால், “பெரியவ கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்” என்பார் ஒரு அம்மா. கல்யாணம் 2014 என்று தெரிந்தால் 2015 என்று வருடம் மட்டும் எழுத முடியும். நாளையும் மாதத்தையும் “தெரியாது” என்று குறிக்கப் படிவம் இடம் தர வேண்டும். இடம் தராத படிவத்தில் 01-ஜனவரி-2015 என்று நிரப்பிவிடுவார்கள், பின்னால் அது உண்மைத் தேதியாக உலவும். சில சமயம் மறுபக்கமும் உண்டு. “கால் வீங்கினது ஆடிப்பெருக்குக்கு மறுநாள்” என்று சொன்னால் அது துல்லியமான தேதி. அந்த ஆண்டுக் காலண்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். கேட்கிறவருக்கு அப்படிக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கால் வீக்கம் என்றதும் பக்க விளைவுப் பக்கம். ஆம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம் நன்கு தெரிந்த பக்க விளைவு. விசிட்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால், நாள் 26இல் தொடங்கி ஆய்வு முடியும்வரை இருந்த ஒரே வீக்கம் 4, 8, 12ஆம் வாரப் பக்கங்களில் மூன்று முறை பதிவாகி மூன்று நிகழ்ச்சிகளாக எண்ணப்படும். அதனால் இந்தப் பக்கம் விசிட்டுகளோடு சேராமல், ஆய்வு முழுக்க ஓடும் ஒரே பட்டியலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நோயாளி சொன்ன வார்த்தையிலேயே என்ன நடந்தது, தொடங்கிய தேதி, முடிந்த தேதி அல்லது இன்னும் தொடர்கிறது என்ற குறி, கடுமை, மருந்தோடு தொடர்பு பற்றி மருத்துவரின் கருத்து, என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது.

கடுமையும் ஆபத்தும் வேறு வேறு கட்டங்கள். தாங்க முடியாத தலைவலி கடுமையானது. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை, உயிருக்கு ஆபத்தில்லை, ஊனமாக்கவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அது ஆபத்தான நிகழ்ச்சி அல்ல. லேசான நிமோனியாவுக்கு ஒரு இரவு அட்மிட் ஆனாலும் அது ஆபத்தான நிகழ்ச்சி. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வுகள் விதிகளின்படி, அப்படி ஒன்று நடந்தால் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், அறிவிக்க வேண்டியது அறிவிக்கப்படாமல் போகும்.

கேட்கும் விதமும் படிவத்தில் அச்சாகியிருக்க வேண்டும். “போன தடவைக்கு அப்புறம் உடம்பு எப்படி இருக்கு?” என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். “கால் வீக்கம் உண்டா?” என்று பட்டியல் போட்டுக் கேட்டால் “ஆமாம்” அதிகமாக வரும். பாதி மையம் ஒரு விதமாகவும் பாதி மையம் இன்னொரு விதமாகவும் கேட்டால் இரண்டையும் சேர்த்து எண்ணுவதில் அர்த்தமில்லை.

கடைசிச் சோதனை, படிவத்தை அச்சுக்கோ கணினிக்கோ விடுவதற்கு முன் கற்பனை நோயாளிகளை அதில் நடத்திப் பார்ப்பது. ஒழுங்காக எல்லா விசிட்டுக்கும் வரும் நோயாளியை வைத்துச் சோதித்தால் எந்தப் படிவமும் தேறிவிடும். தொல்லை கொடுப்பவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். 65 வயது ஆணை எடுத்தேன்: கர்ப்பப் பரிசோதனைக் கேள்வி அவருக்கு ஆம், இல்லை என்று இரண்டே வாய்ப்பு கொடுத்தது, “பொருந்தாது” இல்லை. “கர்ப்பமாக இல்லை: ஆம் / இல்லை” என்ற எதிர்மறைக் கேள்விக்கு இரண்டு பேர் எதிரெதிரான பதில் எழுதினார்கள், “கர்ப்பமா?” என்று மாற்ற வேண்டியதாயிற்று.

பிறகு 52 வயதுப் பெண். நாள் 26இல் கால் வீக்கம், நாள் 36இல் அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார். 8ஆம் வாரம் வந்து, “மாத்திரை வேணாம் சார், ஆனா கூப்பிட்டா வந்து பாத்துட்டுப் போறேன்” என்கிறார். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் “ஆய்வை நிறுத்திய தேதி” என்று ஒரே கட்டம். அதில் நாள் 36 என்று எழுதியதும் மின்படிவம் 8, 12ஆம் வாரப் பக்கங்களை மூடிவிட்டது. இதுதான் மிகப் பெரிய ஓட்டை. மாத்திரையை விட்டவரும் அவர் எந்தக் குழுவில் சேர்க்கப்பட்டாரோ அந்தக் குழுவின் கணக்கில்தான் வருவார். அவருடைய 12ஆம் வார பி.பி. நமக்கு வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் கணக்கிலிருந்து மறைந்தால், மிஞ்சுவது ஒத்துக்கொண்டவர்கள் மட்டும். மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

ஆகவே அந்தப் பக்கம் இரண்டாகப் பிரிய வேண்டும். ஒன்றில் கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியும் நிறுத்திய காரணமும், அதோடு பக்க விளைவுப் பட்டியலில் எந்த வரியால் நிறுத்தினார் என்ற எண்ணும். இன்னொன்றில் ஆய்விலிருந்தே விலகிய தேதி, விலகியது அவர் விருப்பமா, தொடர்பு அறுந்ததா, இறப்பா என்பது. முதல் பக்கத்தை நிரப்பினால் மாத்திரை கொடுக்கும் கட்டமும் எண்ணும் கட்டமும் மட்டும் மூட வேண்டும், பி.பி., ரத்தம், பக்க விளைவு மூன்றும் திறந்தே இருக்க வேண்டும். இரண்டாவதை நிரப்பினால்தான் எல்லாம் மூட வேண்டும். இந்தத் திருத்தத்தோடும், நாள் 1 பி.பி., கர்ப்பப் பரிசோதனை ஆகிய இரண்டு கேள்விகளோடும் படிவம் மருத்துவரிடம் திரும்பிப் போகிறது. அவர் புரோட்டோகாலைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பியதும், அந்த 52 வயதுப் பெண்ணை மறுபடி முதல் பக்கத்திலிருந்து நடத்திப் பார்க்க வேண்டும், இந்த முறை 12ஆம் வாரம்வரை.